பெயர் சொன்னால் மட்டும் ஒலிக்கட்டும்: அலுவலக வாட்ஸப் குழுவுக்கு எந்த அமைப்பு சரி?

டர்பனில் சரக்கு அனுப்பும் அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் வேலை செய்யும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: நாள் முழுவதும் கத்திக்கொண்டிருக்கும் அலுவலகக் குழுவை, என்னை டேக் செய்தாலோ எனக்கு ரிப்ளை போட்டாலோ மட்டும் ஒலிக்கும்படி வைத்துவிடலாமா? வைக்கலாம், ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த அமைப்பு சரியாக வேலை செய்வது உங்கள் கையில் இல்லை. குழுவில் எழுதுபவர்களின் பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் மியூட் போட்டவர்கள்தான் ஒரு வாரத்தில் பழையபடி எல்லாவற்றையும் திறந்துவிடுகிறார்கள்.

இங்கே பேசுவது பெரும்பாலும் வாட்ஸப்பைப் பற்றித்தான். ஓட்டுநர், கேட், கிடங்கு, கணக்கு எல்லாரும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். ஸ்லாக் செயலி வைத்திருக்கும் அலுவலகங்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

## முதலில் அளவுகோல்

எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாமதம் எவ்வளவு தாங்கும்? உங்களுக்கான செய்தி இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணில் பட்டால் என்ன நடக்கும்? கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்றுமதிக் கண்டெய்னரை ஸ்டாக், அதாவது ஒரு கப்பலுக்கான கண்டெய்னர்களைத் துறைமுகம் வாங்கிக்கொள்ளும் காலம், மூடுவதற்குள் உள்ளே அனுப்ப வேண்டியவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் கப்பலே தவறிப்போகலாம்.

உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? @ போட்டுப் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்களா, வெறுமனே "அக்கா, அந்தப் பேப்பர் வந்துச்சா?" என்று எழுதுகிறார்களா? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

யாருக்கும் என்று இல்லாமல் வரும் அவசரச் செய்தி உண்டா? 2024 செப்டம்பரில் பனி விழுந்து வான் ரீனன் கணவாய் அருகே, டர்பனை ஜோகன்னஸ்பர்க்கோடு இணைக்கும் N3 நெடுஞ்சாலை அடைபட்டது. அப்படிப்பட்ட நாளில் "N3 மூடிட்டாங்க" என்று எழுதுபவர் யாரையும் டேக் செய்வதில்லை. எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்.

இந்த மூன்றுக்கும் பதில் ஊகமாக வேண்டாம். வழக்கமான ஒரு வேலை நாளை எடுத்து, காலை 7 முதல் மாலை 5 வரை வந்த செய்திகளை மேலே தள்ளி எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும்.

## ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம்

டர்பனில் ஒரு கிளியரிங் அலுவலகக் குழு என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிக்கும் ஒரு பெண் அதில் இருக்கிறார். நாளுக்கு 180 செய்திகள். காலை வணக்கப் படங்கள், காவடி நாளில் வேல் படங்கள், யார் லாரி எங்கே நிற்கிறது என்பது, மதியச் சாப்பாட்டு ஆர்டர் எல்லாம் சேர்த்து.

இவற்றில் அவர் கவனிக்க வேண்டியவை 14. இந்த 14 எப்படி எழுதப்பட்டன என்று பிரித்தால் கதை தெரிகிறது. 5 செய்திகளில்தான் டேக் அல்லது ரிப்ளை இருக்கிறது. 4 செய்திகள் "அக்கா" என்று தொடங்குகின்றன. 3 வாய்ஸ் நோட். மீதி 2 யாரையும் குறிப்பிடாதவை: ஒன்று சாலை பற்றியது, ஒன்று ஸ்டாக் தேதி மாறியது பற்றியது.

ஆக, இன்றே டேக்-மட்டும் அமைப்புக்குப் போனால் 14-ல் 9 ஒலிக்காமல் போகும்.

நம் ஆட்களிடம் இந்த ஓட்டை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வருவதில்லை. இங்கிலீஷில் எழுதினாலும் அண்ணா, அக்கா, அங்கிள், ஆண்டி என்றுதான் தொடங்குகிறார்கள். கூட வேலை செய்யும் ஜூலுக்காரர்களும் இதே மாதிரி சிசி, பூட்டி என்று உறவு வைத்துத்தான் அழைக்கிறார்கள். மரியாதைதான். ஆனால் போனுக்கு "அக்கா" யார் என்று தெரியாது.

## வழி 1: எல்லாவற்றுக்கும் ஒலி

எதையும் மாற்றாமல் விட்டால் இதுதான். 10 மணி நேரத்தில் 180 என்றால் சராசரியாக 3 நிமிடம் 20 நொடிக்கு ஒரு முறை போன் கூப்பிடும். அந்த 14 செய்திகளும் ஒலிக்கும், உண்மைதான். ஆனால் மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம்: நூறு முறை வீணாக எடுத்துப் பார்த்தவர் நூற்றொன்றாவது முறை எடுப்பதில்லை. அது ஸ்டாக் தேதி மாறிய செய்தியாக இருக்கும்.

அன்றைக்கு டியூட்டியில் லாரிகளை ஒருங்கிணைப்பவருக்கு இதுதான் சரி. குழுவைக் கேட்பதே அவர் வேலை. மற்றவர்களுக்கு அடைமழை, வெள்ளம், சாலை அடைப்பு போன்ற நாட்களில் மட்டும் திரும்பி வர வேண்டிய இடம்.

## வழி 2: மியூட் செய்து, டேக்கும் ரிப்ளையும் மட்டும்

குழுவைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தொட்டு, அறிவிப்புப் பகுதியில் Mute notifications என்பதைத் தேர்ந்தெடுங்கள். 8 மணி நேரம், ஒரு வாரம், Always என்று மூன்று கேட்கும். Always போடுங்கள். மற்ற இரண்டும் உங்களுக்கே தெரியாமல் முடிந்துவிடும். வாட்ஸப்பில் குழுவை மியூட் செய்தாலும், உங்களை டேக் செய்தாலோ நீங்கள் எழுதியதற்கு ரிப்ளை வந்தாலோ அறிவிப்பு வரும். தனியாக எதையும் இயக்க வேண்டாம்.

நாம் எண்ணிய குழுவில் இது நாளுக்கு 8 முறை ஒலிக்கும்: வேலைக்கான 5, போன வாரம் எழுதியதற்கு இன்று வந்த சிரிப்பு ரிப்ளை மாதிரி தேவையில்லாத 3. சுமார் 75 நிமிடத்துக்கு ஒரு முறை. அமைதி கிடைத்துவிட்டது, 9 செய்திகள் போய்விட்டன.

அவற்றைத் திரும்பப் பிடிப்பது எழுதுபவர்கள் கையில். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்குதான், ஆனால் நான்கிலும் தவறுகிறார்கள்.

முதலாவது, @ போட்டபின் கீழே வரும் பட்டியலிலிருந்து பெயரைத் தொட வேண்டும். கையால் முழுப் பெயரையும் அடித்து அனுப்பினால் அது வெறும் எழுத்து, ஒலிக்காது. சரியாக விழுந்த டேக் நிறம் மாறித் தெரியும். அனுப்பும் முன் அதைப் பார்த்தால் போதும். "அக்கா" என்று தொடங்கியே தீர வேண்டும் என்றால் தொடங்கட்டும், பக்கத்தில் டேக்கும் இருக்கட்டும். மரியாதையும் குறையாது.

இரண்டாவது, டேக் விட்டுப்போனது என்று செய்தியைத் திருத்திச் சேர்த்தால் பயனில்லை. அனுப்பி 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸப் விடுகிறது, ஆனால் திருத்தத்துக்குப் புதிய அறிவிப்பு போவதில்லை. எழுதியவர் திரையில் டேக் அழகாக இருக்கும், உங்கள் போன் வாய் திறந்திருக்காது. "டேக் பண்ணினேனே" என்ற சண்டைகளில் பல இங்கே பிறக்கின்றன. விட்டுப்போனால் புதிய செய்தியாகத்தான் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, வாய்ஸ் நோட்டுக்குள் டேக் வைக்க முடியாது. ஸ்டியரிங் பிடித்த கையோடு ஓட்டுநர் டைப் செய்யவும் முடியாது, கூடாது. இதற்கு ஒரு வழி உண்டு. உங்கள் ஏதாவது ஒரு செய்தியை வலப்பக்கம் இழுத்து, ரிப்ளையாக வாய்ஸ் நோட்டை அனுப்பினால் அது ரிப்ளை கணக்கில் ஒலிக்கும். இதற்காகவே காலையில் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: வண்டி எண், கண்டெய்னர் எண், எந்தக் கேட். அந்த லாரி பற்றிய எல்லாம் அதற்கு ரிப்ளையாக வரட்டும். லாரி நின்ற பிறகே செய்தி அனுப்ப வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

நான்காவது, ரிப்ளை ஒலிப்பது எந்தச் செய்தியை மேற்கோளாக எடுத்தார்களோ அதை எழுதியவருக்கு மட்டும். நீங்கள் கேட்ட கேள்விக்கு, மேலாளர் எழுதியதை இழுத்துப் பதில் சொன்னால் மேலாளர் போன்தான் ஒலிக்கும்.

இந்த நான்கையும் ஒரே செய்தியாக எழுதிக் குழுவில் Pin செய்து வைக்கலாம். Pin செய்யும்போது 30 நாளைத் தேர்ந்தெடுங்கள். பழக்கம் வர அவ்வளவு நாள் ஆகும். பழகிவிட்டால் "அக்கா" செய்திகள் நான்கும் டேக் ஆகும், வாய்ஸ் நோட்டில் 2 ரிப்ளையாக வரும் என்று வைத்தால், 14-ல் 11 உங்களை வந்து சேரும். யாரையும் குறிப்பிடாத 2 அப்போதும் வராது. அவற்றுக்கு வழி 4.

## வழி 3: Highlights

2025-ல் வாட்ஸப் அறிவித்த வசதி. குழுவின் அறிவிப்புப் பகுதியில் Notify for என்று இருக்கும். அதில் All அல்லது Highlights. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் டேக், ரிப்ளை, இவற்றோடு உங்கள் போனில் எண் சேமித்து வைத்திருப்பவர்களின் செய்திகளும் ஒலிக்கும்.

பலர் இதை வழி 2-க்கு இன்னொரு பெயர் என்று நினைத்துப் போட்டு ஏமாறுகிறார்கள். குழுவில் உள்ள எல்லாருடைய எண்ணும் உங்கள் போனில் இருந்தால் Highlights-க்கும் All-க்கும் வித்தியாசமே தெரியாது. சில ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் இருந்தவர் போனில் எல்லார் எண்ணும் இருக்கத்தானே செய்யும்.

ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கோ, அலுவலகம் கொடுத்த தனிப் போனில் வேலை செய்பவருக்கோ இது எல்லாவற்றையும்விட நல்ல கருவி. அந்தப் போனில் மூன்றே மூன்று எண்களைச் சேமியுங்கள்: மேலாளர், கிடங்கு மேற்பார்வையாளர், கேட்டில் நிற்பவர். மற்றவர்களை எண்ணாகவே விடுங்கள். இப்போது அந்த மூவரும் "அக்கா" என்று எழுதினாலும் ஒலிக்கும், வாய்ஸ் நோட் போட்டாலும் ஒலிக்கும், யாருக்கும் என்று இல்லாமல் "ஸ்டாக் நாளைக்கு மூடுது" என்றாலும் ஒலிக்கும். யாருக்கும் எந்தப் பழக்கமும் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

நம் குழுவில் கணக்குப் போடுவோம். மூவரும் நாளுக்கு 40 செய்தி எழுதுகிறார்கள். தவறிப்போன 9-ல் 7 அவர்களுடையவை. மற்றவர்களின் டேக், ரிப்ளை ஒரு 6. மொத்தம் 46 ஒலி, 13 நிமிடத்துக்கு ஒன்று. 14-ல் 12 வந்து சேரும். விட்டுப்போவது ஓட்டுநர்களின் இரண்டு வாய்ஸ் நோட்.

செலவு? அந்த மூவரின் நகைச்சுவைகளும் சேர்ந்தே ஒலிக்கும். மற்றவர்கள் பெயரில்லாமல் எண்ணாகத் தெரிவதும் எரிச்சல்தான். எண்ணுக்குப் பக்கத்தில் அவரவர் வைத்துக்கொண்ட பெயர் சின்னதாக வரும், அதுவும் பூப்படமாகவோ புனைபெயராகவோ இருந்தால் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும்.

## வழி 4: அறிவிப்புக்குத் தனிக் குழு

பேச்சுக் குழுவை வழி 2-ன்படி மியூட் செய்துவிட்டு, இன்னொரு குழு தொடங்கி, குழுவின் அனுமதிகளில் செய்தி அனுப்புவதை அட்மின்களுக்கு மட்டும் என்று வையுங்கள். அட்மின்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். இந்தக் குழுவை யாரும் மியூட் செய்யக் கூடாது. இதில் என்னென்ன வரலாம் என்பதை முன்பே வரையறுத்துவிட வேண்டும்: சாலை அடைப்பு, ஸ்டாக் தேதி மாற்றம், ஷிஃப்ட் மாற்றம், ஆபத்து. தீபாவளி வாழ்த்துக்கூட வேண்டாம். ஒன்றை விட்டால் நூறு வரும்.

யாரையும் குறிப்பிடாத அந்த 2 செய்திகள் இங்கே வந்துவிடும். வழி 2-ஓடு சேர்த்தால் 14-ல் 13. எண்ணிக்கையில் மிகச் சிறந்தது இதுதான், ஒலியும் குறைவு. ஆனால் ஒருவர் மட்டும் போட்டுக்கொள்ளும் அமைப்பு இல்லை, மேலாளர் சம்மதம் வேண்டும். அவசரத்தில் அட்மின் பழக்கதோஷத்தில் பேச்சுக் குழுவிலேயே எழுதிவிடுவது முதல் மாதத்தில் கட்டாயம் நடக்கும். யாரும் பதில் எழுத முடியாததால் எல்லாரும் படித்தார்கள் என்ற உறுதியும் இல்லை. கட்டாயம் தெரிந்தே ஆக வேண்டியவருக்கு அட்மின் நேரே போன் செய்ய வேண்டும்.

## வழி 5: ஆர்க்கைவ்

மியூட்டைப் போலவே டேக், ரிப்ளைக்கு மட்டும் அறிவிப்பு வரும், ஆனால் குழுவே கண்ணிலிருந்து மறைந்துவிடும். வழி 2-ல் குழு பட்டியலில் கீழே கிடந்தாலும் போகிற போக்கில் பார்த்துவிடுவீர்கள். இங்கே அதுவும் இல்லை. முடிந்துபோன திட்டத்தின் குழு, பழைய கிளை அலுவலகக் குழு போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினம் வேலை நடக்கும் குழுவுக்கு வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| வழி | நாளுக்கு ஒலி | 14-ல் வந்து சேர்வது | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| எல்லாவற்றுக்கும் | 180 | 14 | காது மரத்துப்போகும் | டியூட்டி ஒருங்கிணைப்பாளர் |
| மியூட், பழக்கம் மாறாமல் | 8 | 5 | "அக்கா", வாய்ஸ் நோட் எல்லாம் போகும் | கணக்கு, நிர்வாகம் |
| மியூட், டேக் பழகியபின் | சுமார் 14 | 11 | ஒரு மாதம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் | ஆவணப் பிரிவு |
| Highlights, மூன்று எண் மட்டும் | 46 | 12 | மற்றவர்கள் எண்ணாகத் தெரிவார்கள் | அலுவலகப் போன், புதியவர் |
| மியூட்டும் அறிவிப்புக் குழுவும் | சுமார் 16 | 13 | மேலாளர் ஒத்துழைப்பு | 20 பேருக்கு மேல் உள்ள குழு |

எண்கள் இந்த ஒரு குழுவுக்கானவை. உங்கள் எண்ணிக்கையைப் போட்டால் வரிசை மாறலாம். குறிப்பாக உங்கள் குழுவில் ஏற்கெனவே எல்லாரும் டேக் போடுபவர்களாக இருந்தால் வழி 2 ஒன்றே போதும், மற்றதெல்லாம் வீண் வேலை. நம் எடுத்துக்காட்டில் உள்ளவர் தனியாக முடிவெடுப்பதானால் Highlights, அலுவலகமே சேர்ந்து வருமானால் வழி 4 என்பது எங்கள் பக்கச் சாய்வு.

எதைத் தேர்ந்தாலும் குழுவைத் திறந்து படிக்க நேரம் வையுங்கள்: காலை 9:30, மதியம் 12, மாலை 3. மாலை 3-க்கு முன் ஒலிக்காமல் தப்பியது அதிகபட்சம் மூன்று மணி நேரத்துக்குள் கண்ணில் படும். வழி 2-ஐ நம்புபவர் இந்த மூன்று நேரத்தையும் விட்டுவிட்டால் அது மியூட் கூட இல்லை, குழுவை விட்டு விலகியதற்குச் சமம்.

## ஸ்லாக் இருந்தால்

அங்கே ஒவ்வொரு சானலுக்கும் அறிவிப்பை எல்லாவற்றுக்கும், டேக்குக்கு மட்டும், மியூட் என்று தனித்தனியாக வைக்கலாம். வாட்ஸப்பில் இல்லாத ஒன்று அதில் உண்டு: அறிவிப்பு அமைப்புகளில் My keywords என்ற பெட்டி. அதில் போட்ட சொல் வரும்போதெல்லாம் ஒலிக்கும். நம் "அக்கா" சிக்கலுக்கு நேரான மருந்து இது. சொற்களைக் காற்புள்ளி போட்டுப் பிரித்து எழுத வேண்டும், இப்படி:

```
akka, stack, N3, gate pass
```

அலுவலகத்தில் மூன்று அக்காக்கள் இருந்தால் மூவருக்கும் ஒலிக்கும், அது வேறு விஷயம். @channel போட்டால் சானலில் உள்ள எல்லாருக்கும், @here போட்டால் அப்போது ஆன்லைனில் இருப்பவர்களுக்கும் போகும். சாலை அடைப்பு போன்றவற்றுக்கு அவற்றை ஒதுக்கி வைத்தால் தனிக் குழு தேவைப்படாது.

## மாற்றிய பிறகு சோதனை

அமைப்பை மாற்றியதும் போனைப் பூட்டி மேசையில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம், குழுவில் வரிசையாக நான்கு அனுப்பச் சொல்லுங்கள்: வெறும் செய்தி, டேக் செய்த செய்தி, உங்கள் செய்திக்கு ரிப்ளை, ரிப்ளையாக வாய்ஸ் நோட். வழி 2-ல் முதலாவது அமைதியாக இருக்க வேண்டும், மற்ற மூன்றும் ஒலிக்க வேண்டும். வழி 3-ல் சோதிக்கும்போது, அனுப்புபவர் எண் உங்கள் போனில் சேமிக்காததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நான்கும் ஒலித்துக் குழப்பும்.

டேக்கும் ஒலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பூட்டு வாட்ஸப்புக்கு வெளியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் ஆப்ஸ், வாட்ஸப், அறிவிப்புகள் என்று போனால் குழு அறிவிப்புக்குத் தனியே ஒரு பொத்தான் இருக்கும். முன்பு எப்போதோ தொல்லை தாங்காமல் அதை அணைத்திருப்பீர்கள். அது அணைந்திருந்தால் உள்ளே என்ன அமைத்தாலும் வேலைக்காகாது. அடுத்து Do Not Disturb ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு பேட்டரி சேமிப்பு: வாட்ஸப் பின்னணியில் ஓடத் தடை இருந்தால் டேக் தாமதமாக, போனைத் திறந்த பிறகு மொத்தமாக வந்து விழும். அப்படி மொத்தமாக விழுகிறது என்பதே அடையாளம்.

ஐந்து வேலை நாட்கள் ஓடவிட்டு, மூன்று நேரப் படிப்பில் மட்டும் கண்ணில் பட்ட உங்களுக்கான செய்திகளை ஒரு தாளில் குறித்துவையுங்கள்: யார் எழுதினார், எப்படிக் கூப்பிட்டார். ஒரே ஆள் பெயர் மூன்று முறை வந்தால் அவர் எண்ணைச் சேமித்து Highlights-க்கு மாறுங்கள். பலர் பெயரும் ஒவ்வொரு முறை வந்தால் Pin செய்த செய்தியை இன்னும் 30 நாளுக்கு நீட்டுங்கள்.